மூட்டுக்காகப் பாதத்தை மேலே ஏற்றினேன், இப்போது முதுகு பிடிக்கிறது

"வணக்கம் சார். வயது 36. கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ஜிம்மில் 45 டிகிரி லெக் பிரஸில் 120 கிலோ பிளேட் போட்டுச் செய்துவந்தேன். பாதத்தைப் பலகையின் கீழ்ப்பகுதியில் வைப்பேன், முன்தொடை நன்றாக எரியும். இரண்டு மாதத்தில் இரண்டு முட்டிக்கும் முன்பக்கம் வலி வந்தது, படி இறங்கும்போது அதிகம். 'பாதத்தை மேலே வை, மூட்டுக்கு வேலை போகாது' என்றார் டிரெயினர். அப்படியே செய்தேன். எடையும் கூட்ட முடிந்தது, 180 போட்டேன். முட்டி வலி குறைந்தது. ஆனால் மூன்று வாரமாகக் கீழ்முதுகு பிடிக்கிறது, காலையில் குனிந்து ஷூ மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிறது. பாதம் மேலேயா, கீழேயா? எது சரி?"
— வாசகர், ஈரோடு

முதலில் முதுகு. வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்குள் இறங்குகிறதா, பாதத்தில் மரப்பு இருக்கிறதா, இருமினால் சுண்டி இழுக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சிறுநீர், மலம் போவதில் மாற்றமோ தொடையிடுக்கில் உணர்ச்சிக் குறைவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் டிரெயினர் சொன்னது பாதி உண்மை. பாதம் மேலே ஏறினால் முழங்காலின் வேலை குறையும். ஆனால் குறைந்த வேலை காற்றில் கரைந்துவிடாது, அப்படியே இடுப்பு மூட்டுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு போகிறது என்பதை ஒரு போட்டோவும் ஒரு ஸ்கேலும் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம்.

மெஷினில் உட்கார்ந்து, எடை மிகக் கீழே இறங்கியிருக்கும் நிலையில் நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வண்டியோடு எடுத்தால் போதும், பிளேட் வேண்டாம். (பிளேட்டைச் சுமந்துகொண்டு தண்டில் ஏறி இறங்கும் பகுதியைத்தான் வண்டி என்கிறேன்.) அந்தப் போட்டோவில் உங்கள் பாதத்தின் நடுவிலிருந்து உடம்பை நோக்கி ஒரு கோடு போடுங்கள். வண்டி ஓடும் தண்டுக்கு இணையாக அது இருக்க வேண்டும். மெஷினின் பாரம் பெரும்பாலும் இந்தக் கோட்டின் வழியாகத்தான் உங்கள் மேல் வருகிறது. கோடு முழங்காலுக்கு அடியிலும் இடுப்பு மூட்டுக்கு மேலேயும் ஓடுவது தெரியும்.

இனி அந்தக் கோட்டிலிருந்து முழங்காலின் நடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதுதான் முழங்காலின் பங்கு. அதே கோட்டிலிருந்து இடுப்பு மூட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இடுப்பின் பங்கு. இடுப்பு மூட்டு எங்கே என்று தெரியாவிட்டால், பக்கவாட்டில் தொடை தொடங்கும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடி இருக்கும் இடத்தில் தள்ளுவதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும். பாரம் மூட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அந்த மூட்டைத் திருப்பும் வலு கூடும், அதைத் தாங்கும் தசையின் வேலையும் கூடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எடை அடிமட்டத்தில் இருக்கும்போது தொடை ஏறக்குறைய தண்டுக்குச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் இரண்டு தூரத்தையும் கூட்டினால் உங்கள் தொடையின் நீளம் வரும். தொடை 40 சென்டிமீட்டர் என்றால் கூட்டுத்தொகையும் 40. பாதத்தை எங்கே வைத்தாலும் அந்த 40 மாறுவதில்லை. முழங்காலுக்கு எத்தனை, இடுப்புக்கு எத்தனை என்ற பங்கீடு மட்டும் மாறும். பாதத்தை 5 சென்டிமீட்டர் ஏற்றினால் முழங்காலிலிருந்து 5 கழிந்து இடுப்பில் 5 கூடும். அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரிப்பது மாதிரி, ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்தே தீரும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடை நீளம் 40 சென்டிமீட்டர், வெறும் வண்டியின் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மெஷினில் வண்டி இதைவிடக் கனமாகவோ இலேசாகவோ இருக்கலாம், ஜிம்மில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டு 45 டிகிரி சாய்ந்திருப்பதால் மொத்த எடையில் ஏறக்குறைய 71 சதவீதம்தான் காலில் இறங்கும், மீதியைத் தண்டு தாங்கிக்கொள்ளும். லெக் பிரஸில் எல்லோரும் பெரிய எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லூரி நாட்களில் நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

பழைய நிலையில் 120 கிலோ பிளேட்டும் வண்டியும் சேர்ந்து 160. அதில் காலுக்கு வருவது 113, ஒரு காலுக்கு ஏறக்குறைய 57 கிலோ. பாதம் கீழே இருந்ததால் கோடு இடுப்புக்கு 12 சென்டிமீட்டர் மேலே ஓடியது என்று கொள்வோம். முழங்காலுக்கு மீதி 28. 57-ஐ 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,590. 57-ஐ 12-ஆல் பெருக்கினால் 680. ஆக முழங்காலின் பாரம் 1,590, இடுப்பின் பாரம் 680. அலகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் இந்த எண்கள்.

அப்புறம் பாதத்தை ஏறக்குறைய அரைச் சாண், 12 சென்டிமீட்டர் மேலே ஏற்றினீர்கள் என்று கொள்வோம். இப்போது இடுப்புக்கு 24, முழங்காலுக்கு 16. எடையை மாற்றாமல் விட்டிருந்தால் முழங்காலின் பாரம் 910 அளவுக்கு இறங்கியிருக்கும், இடுப்பின் பாரம் இரண்டு மடங்காகியிருக்கும். ஆனால் நீங்கள் எடையை மாற்றினீர்கள். 180 கிலோ பிளேட்டும் வண்டியும் சேர்ந்து 220, ஒரு காலுக்கு 78 கிலோ. முழங்காலின் பாரம் 1,250. இடுப்பின் பாரம் 1,870.

முழங்காலுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. இடுப்புக்கு இரண்டே முக்கால் மடங்கு ஏறியிருக்கிறது. அதுவும் எத்தனை நாளில்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஓரிரு வாரத்துக்குள். பிட்டத் தசை பெரிய தசை, அது சமாளித்துவிட்டது. அதனால்தான் "எடை கூட்ட முடிந்தது". சமாளிக்க முடியாமல் போனது முதுகு.

முதுகு எப்படி உள்ளே வந்தது? வண்டி அதே இடம் வரை இறங்கினாலும், பாதம் மேலே இருக்கும்போது தொடை நெஞ்சை நோக்கி இன்னும் சாய்கிறது. மேலே சொன்ன அளவுகளில் இடுப்பு மடங்குவது ஏறக்குறைய 10 டிகிரி கூடுகிறது, முழங்கால் மடங்குவது 8 டிகிரிபோலக் குறைகிறது. இடுப்பு மூட்டுக்கு மடங்க ஓர் எல்லை உண்டு. எல்லை தீர்ந்த பிறகும் வண்டி இறங்கினால், தொடையோடு சேர்ந்து இடுப்பெலும்பே சுருள ஆரம்பிக்கும். வால் எலும்பு இருக்கையை விட்டு எழும்பும், கீழ்முதுகு வளைந்து வட்டமாகும். அந்த நிலையில் 155 கிலோ உங்களை முதுகுப் பலகையோடு சேர்த்து நசுக்குகிறது. நாள் முழுக்க நாற்காலியில் முதுகை வளைத்து உட்கார்ந்துவிட்டு, மாலையில் அதே வளைவில் பாரமும் வாங்கினால் காலையில் ஷூ மாட்ட முடியாமல் போவதில் அதிசயம் இல்லை.

உங்கள் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கைத்துண்டு போதும். அதை நீளமாக மடித்து ஒரு நுனியை வால் எலும்புக்கு அடியில் வையுங்கள், மறு நுனி நண்பர் கையில். வெறும் வண்டியை மெதுவாக இறக்குங்கள், நண்பர் துண்டை இலேசாக இழுத்துக்கொண்டே இருக்கட்டும். துண்டு நழுவி வெளியே வரும் இடத்தில் இடுப்பெலும்பு எழும்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் முன்பே வண்டி நிற்கும்படி மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். பாதம் மேலே இருந்தால் ஓர் இடம், நடுவில் இருந்தால் வேறு இடம் என்று வரும், இரண்டையும் பார்த்துக் குறித்துவையுங்கள். முதுகுப் பலகையைச் சாய்க்க முடிகிற மெஷினாக இருந்தால் ஒரு படி பின்னால் சாய்த்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள், எல்லை இன்னும் கீழே போகும்.

மேலே வைப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, தள்ளி முடிக்கும்போது காலை விறைப்பாக நீட்டிப் பூட்டுவது. வண்டி மேலே போகப் போக முழங்கால் இறங்கி வருகிறது, பாரத்தின் கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு கட்டத்தில் முழங்கால் கோட்டுக்கு அடியில் போய்விடும். அதுவரை முழங்காலை மடக்கப் பார்த்த பாரம் அங்கிருந்து அதைப் பின்பக்கமாக வளைக்கப் பார்க்கும். பாதம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இந்தத் திருப்பம் வரும். அதனால் கடைசியில் முழங்காலில் கொஞ்சம் மடிப்பை விட்டே நிறுத்துங்கள்.

கீழே வைப்பதற்கும் எல்லை உண்டு, அதைக் குதிகால் காட்டிக்கொடுக்கும். பாதம் கீழே இருக்கும்போது முழங்கால் பாதவிரலைத் தாண்டி முன்னால் போக வேண்டும், அதற்குக் கணுக்கால் மடங்க வேண்டும். மடங்காதபோது குதிகால் பலகையை விட்டு எழும்பும். முழங்காலும் அதிகம் மடங்கி, முன்தொடைத் தசையும் அதிகம் இழுக்கும்போது, சில்லு தொடை எலும்போடு அழுந்துவது கூடுகிறது. உங்கள் முட்டி வலி முன்பக்கம் வருவதும், படி இறங்கும்போது கூடுவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் முட்டி வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது சட்டென்று பூட்டிக்கொண்டாலோ அது வேறு கதை, காட்டிவிடுங்கள்.

என் கணக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பாரம் தண்டுக்கு இணையாக மட்டும் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் ஷூவின் பிடிப்பு இருப்பதால், நீங்கள் பலகையை நேராகத் தள்ளிக்கொண்டே கொஞ்சம் கீழ்நோக்கி இழுக்கவும் முடியும். முட்டி வலிக்கிறவர்கள் தங்களை அறியாமலேயே அப்படி இழுத்து வேலையை இடுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே மேலே உள்ள எண்கள் துல்லியமான அளவு இல்லை, திசையையும் தோராயமான அளவையும் காட்டுபவை. அப்புறம், மெஷின் வேறு மாதிரி இருந்தால், உதாரணமாக உட்கார்ந்தபடி நேராகத் தள்ளும் கம்பி மெஷினாக இருந்தால், 71 சதவீதக் கணக்கு பொருந்தாது. கோடு போட்டு அளக்கும் முறை மட்டும் அங்கேயும் பொருந்தும், பலகை நேர்க்கோட்டில் நகரும்வரை.

பாதவிரலை வெளியே திருப்பி வைத்தால் வேறு தசை வேலை செய்யும் என்று உங்கள் ஜிம்மில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் அனுபவமுள்ள 10 ஆண்களைப் பாதம் நேராகவும் 30 டிகிரி வெளியே திருப்பியும் லெக் பிரஸ் செய்யவைத்து அளந்தார்கள். தசையின் வேலையிலும் முழங்காலின் பாரத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. முழங்கால் எந்தத் திசையில் வசதியாக மடங்குகிறதோ அந்தத் திசையில் விரலை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பின்தொடைக்காகத்தான் மேலே வைக்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்தொடைத் தசை இடுப்பையும் முழங்காலையும் தாண்டிப் போகிறது. லெக் பிரஸில் இரண்டு மூட்டும் சேர்ந்தே மடங்கி நீள்வதால், ஒரு முனையில் இழுபடும் தசை மறுமுனையில் தளர்ந்துவிடுகிறது. மேலே வைத்தால் லாபம் பெரும்பாலும் பிட்டத் தசைக்கும் உள்தொடையின் பெரிய தசைக்கும்தான். பின்தொடைக்கு லெக் கர்ல் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

இனி உங்கள் விஷயத்துக்கு நான் சொல்வது. பாதத்தை நடுவில் வையுங்கள், கோடு இடுப்புக்கு 18 சென்டிமீட்டர் மேலே ஓடும் இடம். முழங்காலுக்கு 22 மிஞ்சும். எடையைப் பழைய 120-க்கே கொண்டுவாருங்கள். இப்போது முழங்காலின் பாரம் எவ்வளவு தெரியுமா? 57-ஐ 22-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,250. பாதத்தை உச்சியில் வைத்து 180 கிலோ தள்ளியபோது இருந்த அதே அளவு. அந்த அளவு உங்கள் முட்டிக்கு ஒத்துக்கொள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடுப்பின் பாரமோ 1,870-லிருந்து 1,020 அளவுக்கு இறங்கிவிடுகிறது, தொடையும் நெஞ்சுக்கு அவ்வளவு பக்கத்தில் வருவதில்லை. அதாவது மேலே ஏற்றி எடையையும் கூட்டியதால் உங்கள் முட்டி கண்ட லாபத்தை, எடையைக் கூட்டாமல் பாதி தூரம் ஏற்றியிருந்தாலே கண்டிருக்கும்.

உடனே 120-இல் உட்கார வேண்டாம். காலையில் வலியில்லாமல் குனிந்து ஷூ மாட்ட முடிகிறவரை லெக் பிரஸ் பக்கமே போக வேண்டாம். அதன் பிறகு 80 கிலோ பிளேட்டில் தொடங்குங்கள், வாரம் இரண்டு நாள், 12 தடவை வீதம் மூன்று செட், இறக்குவதற்கு இரண்டு மூன்று நொடி. பாதம் வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் இருக்க, பலகையில் குதிகால் வரும் இடத்தில் ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், ஜிம்காரர் திட்டினால் என் பேரைச் சொல்லுங்கள். கண்ணளவில் வைத்தால் களைப்பு வர வர பாதம் மேலே நகரும், மேலே இருந்தால் தள்ளச் சுலபம் என்று கால் கண்டுகொள்ளும்.

எடை கூட்டலாமா என்பதை அன்றைக்குப் பார்க்காதீர்கள், மறுநாள் காலையில் பாருங்கள். படி இறங்கும்போது முட்டி வலி, பத்துக்கு மூன்றுக்கு மேல் இல்லை, குனிந்தால் முதுகு பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் 10 கிலோ கூட்டலாம். முட்டி முரண்டு பிடித்தால் டேப்பை இரண்டு சென்டிமீட்டர் மேலே ஒட்டுங்கள், எடையைத் தொட வேண்டாம். முதுகு பிடித்தால் டேப்பைத் தொடாமல் தடுப்பை ஒரு துளை மேலே ஏற்றுங்கள், வண்டி இறங்கும் ஆழம் குறையும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். இப்படிப் போனால் ஐந்தாவது வாரம் 120-க்கு வந்திருப்பீர்கள். அப்போது மறுபடி ஒரு பக்கவாட்டுப் போட்டோ எடுத்துக் கோடு போட்டு, உங்கள் தொடை நீளத்தையும் வண்டியின் எடையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். நான் ஊகித்து வைத்த 40-களுக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்களை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுவோம்.